ஜீரோ பொத்தானைத் தொடும் முன்: ஒரு மைக்ரோமீட்டரின் காலிபிரேஷன் பதிவு

காலிபிரேஷன் லேபுக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர் கையில் 0–25 மி.மீ. டிஜிட்டல் மைக்ரோமீட்டர் ஒன்றைக் கொடுத்தால், பெரும்பாலும் முதலில் என்ன செய்வார் தெரியுமா? வாயை மூடிப் பார்ப்பார், திரையில் –0.003 என்று வரும், உடனே ஜீரோ பொத்தானை அழுத்துவார். கல்லூரி லேபில் அது நல்ல பழக்கம். இங்கே, அந்த ஒரு அழுத்தலில் வாடிக்கையாளருக்கு மிகவும் தேவையான தகவல் அழிந்துபோகிறது.

அந்தக் கருவி இவ்வளவு நாளும் ஒரு மெஷின் ஷாப்பில் ஓடிக்கொண்டிருந்தது. வாய் மூடியிருக்கும்போது –0.003 காட்டுகிறது என்றால், அளந்த ஒவ்வொரு பாகத்தையும் அது 3 மைக்ரான் குறைத்தே காட்டியிருக்கிறது. 20.000 மி.மீ.க்கு மேல் போகக்கூடாத ஒரு ஷாஃப்ட் உண்மையில் 20.002 இருந்தால், திரையில் 19.999 என்று வந்து பாஸ் ஆகியிருக்கும். இதை வாடிக்கையாளர் தெரிந்துகொண்டால்தான் பழைய லாட்களைத் திரும்பிப் பார்க்க முடியும். அதனால் வந்த நிலையில் கருவி என்ன காட்டியது என்பது முதல் வரி. சரிசெய்த பிறகு என்ன காட்டியது என்பது தனி வரி. காலிபிரேஷன் என்பது கருவி காட்டுவதற்கும் தெரிந்த அளவுக்கும் உள்ள உறவைக் கண்டு எழுதுவது. சரிசெய்வது வேறு வேலை, அதை வாடிக்கையாளர் கேட்டால்தான் செய்ய வேண்டும்.

பதிவு எழுதிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. வாயின் அசையாத பக்கமான அன்வில், நகரும் பக்கமான ஸ்பிண்டில், இவற்றின் முகங்களை நூல் விடாத துணியில் ஆல்கஹால் தொட்டுத் துடைக்க வேண்டும். துடைத்த பிறகு மறுபடி மூடிப் பார்த்தால் –0.003 என்பது –0.005 ஆவதும் உண்டு. அப்படியானால் 2 மைக்ரான் வெறும் எண்ணெய்ப் படலமும் தூசியும். அதையும் எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் அந்த ஷாப்பில் துடைக்காமலே அளக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி.

அடுத்தது வெப்பநிலை. நீள அளவுகளுக்கான உலகப் பொது வெப்பநிலை 20 °C. லேப் ஏசியை 20-ல் வைத்துவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் நடைமுறையில் 20-ஐ விட முக்கியமானது, கருவியும், நீளம் துல்லியமாகத் தெரிந்த எஃகுக் கட்டையான ஸ்லிப் கேஜும் ஒரே வெப்பநிலையில் இருப்பது. இரண்டும் எஃகு என்பதால் சேர்ந்து விரிந்தால் பிழை பெரும்பாலும் கழிந்துவிடும். ஒன்று மட்டும் சூடானால் கழியாது. எஃகு ஒரு டிகிரிக்கு, நீளத்தில் பத்து லட்சத்தில் 11.5 பங்கு விரியும். 20.2 மி.மீ. ஸ்லிப் கேஜை வெறும் விரலால் பிடித்து அது 3 டிகிரி சூடானால் 0.7 மைக்ரான் நீளும். மைக்ரோமீட்டரின் சட்டத்தை உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் நேர்மாறாக நடக்கும்: சட்டம் விரிந்து வாய் அகலும், ரீடிங் குறையும். சட்டத்தின் இரு பக்கமும் பிளாஸ்டிக் தகடு ஒட்டியிருப்பது இதற்காகத்தான். ஆகவே இரண்டையும் ஒரே கிரானைட் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முடிந்தால் ஓர் இரவு விட்டு, மறுநாள் மைக்ரோமீட்டரை ஸ்டாண்டில் மாட்டி, கையுறையோடு அல்லது இடுக்கியால் ஸ்லிப் கேஜை வைத்து அளக்க வேண்டும். ரீடிங்கின் கடைசி இலக்கம் ஒரே திசையில் 1, 1, 0, 0 என்று மெல்ல நகர்ந்தால் அங்கே ஏதோ ஒன்று இன்னும் ஆறிக்கொண்டோ சூடேறிக்கொண்டோ இருக்கிறது. நிறுத்திவிட்டுக் காத்திருங்கள்.

எந்த இடங்களில் அளப்பது என்பதும் யோசிக்க வேண்டியது. 5, 10, 15, 20, 25 என்று முழு எண்களை எடுத்தால் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் திருகின் புரியிடைத் தூரம், அதாவது ஒரு சுற்றுக்கு அது நகரும் தூரம், 0.5 மி.மீ. இந்த எல்லா அளவுகளிலும் ஸ்பிண்டில் ஒரே கோணத்தில் வந்து நிற்கும். ஒரு சுற்றுக்குள் திருகு ஏறி இறங்கும் பிழை இருந்தால் கண்ணில் படவே படாது. அதனால்தான் மைக்ரோமீட்டருக்கென்றே வரும் ஸ்லிப் கேஜ் பெட்டியில் 2.5, 5.1, 7.7, 10.3, 12.9, 15.0, 17.6, 20.2, 22.8, 25.0 என்று விநோதமான எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து சுற்றின் வேறொரு இடத்தில் ஸ்பிண்டிலை நிறுத்தும்.

இப்போது 20.2-ல் மட்டும் முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். வாடிக்கையாளர் கேட்டபடி ஜீரோ வைத்தாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வோம். பத்து முறை அளக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஸ்லிப் கேஜை வெளியே எடுத்து மீண்டும் வைக்க வேண்டும். வைத்தபடியே, அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் ராட்செட்டை மட்டும் பத்து முறை திருப்பினால் அது பத்து ரீடிங் ஆகாது. ராட்செட்டை மெதுவாக, ஒரே வேகத்தில், மூன்று 'டிக்' கேட்கும் வரை திருப்புங்கள். வேகமாகச் சுழற்றிவிட்டால் அந்த உந்தத்திலேயே கூடுதலாக அழுந்தும். கிடைத்தவை 20.201, 20.201, 20.202, 20.201, 20.200, 20.201, 20.202, 20.201, 20.201, 20.202 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 20.200 வந்ததும் "சரியாக வைக்கவில்லை போல" என்று அதை விட்டுவிட்டு மறுபடி அளக்கத் தூண்டும். காரணம் கண்ணுக்குத் தெரிந்தால் (தூசி, சாய்ந்த கேஜ்) அதையும் எழுதிவிட்டு விலக்கலாம். எண் பிடிக்கவில்லை என்பதற்காக விலக்கக் கூடாது. தவறாக எழுதிவிட்டாலும் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். அடித்த எண் படிக்கும்படி இருக்க வேண்டும்.

இவற்றின் சராசரி 20.2012. சிதறல், அதாவது திட்ட விலக்கம், 0.63 மைக்ரான். சராசரியைத்தான் முடிவாகத் தருகிறோம் என்பதால் √10-ஆல் வகுத்தால் 0.20 மைக்ரான். முடிவில் எவ்வளவு சந்தேகம் மிச்சம் என்பதுதான் நிச்சயமின்மை. அதில் ரீடிங்குகளிலிருந்தே வந்த இந்தப் பங்குதான் ஏ வகை.

மற்றவை ரீடிங்கில் தெரியாதவை, பி வகை. திரை 20.201 காட்டும்போது உண்மை 20.2005 முதல் 20.2015 வரை எங்கும் இருக்கலாம், எல்லா இடத்துக்கும் சம வாய்ப்பு. அந்த அரை மைக்ரானை √3-ஆல் வகுத்தால் 0.29. இது ஒரு முறை மட்டுமல்ல, இரண்டு முறை வரும். ஜீரோ வைத்தபோதும் திரை அதே அரை மைக்ரானை மறைத்திருந்தது, அது பிந்தைய எல்லா ரீடிங்கிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. புதியவர்கள் அதிகம் மறப்பது இந்த இரண்டாவது 0.29-ஐத்தான். பத்து ரீடிங்கும் ஒன்றுபோல 20.201 என்றே வந்து ஏ வகை பூஜ்யமானாலும் இவை இரண்டும் குறையாது.

முகங்கள் இரண்டும் இணையாக இருக்கின்றனவா என்பதை ஆப்டிகல் பேரலல் கண்ணாடியை வாய்க்குள் வைத்து, ஒற்றை நிற ஒளியில் கோடுகளை எண்ணிப் பார்க்கிறோம். ஒரு கோடு ஏறத்தாழ 0.3 மைக்ரான். இரு முகத்திலும் சேர்த்து 3 கோடு என்றால் 0.9. அதன் பாதியை √3-ஆல் வகுத்தால் 0.26. ஸ்லிப் கேஜின் சான்றிதழ் ±0.10 மைக்ரான், k=2 என்கிறது, அதாவது ஏற்கெனவே இரண்டால் பெருக்கிய எண். அப்படியானால் நம் கணக்கில் அதில் பாதி, 0.05. சான்றிதழில் k எவ்வளவு என்று பார்க்காமல் 0.10-ஐ அப்படியே போடுவது இன்னொரு வழக்கமான பிழை. கருவிக்கும் கேஜுக்கும் அரை டிகிரி வரை வேறுபாடு இருக்கலாம் என்று எடுத்தால் 0.12 மைக்ரான், √3-ஆல் வகுத்து 0.07. இரு எஃகுகளின் விரிவுக் கெழு வேறுபாட்டால் வருவது 0.02, பெயருக்குத்தான்.

எல்லாவற்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 0.53 மைக்ரான். k=2-ஆல் பெருக்கினால் 1.06, சான்றிதழில் 1.1 மைக்ரான் என்று எழுதலாம். இங்கே ஒரு நிபந்தனை உண்டு: இந்தியாவில் லேப்களை அங்கீகரிக்கும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற லேப் தன் அங்கீகாரப் பட்டியலில் உள்ள அளவுத்திறனைவிடக் குறைந்த நிச்சயமின்மையைத் தர முடியாது. பட்டியலில் 1.3 இருந்தால் 1.3 என்றுதான் எழுத வேண்டும்.

இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டவருக்கு ஒன்று புரியும். இன்னும் உயர்ந்த ரக ஸ்லிப் கேஜ் வாங்கினால் நிச்சயமின்மை குறையும் என்ற எண்ணம் தவறு. அந்த 0.05-ஐ முற்றிலும் நீக்கினாலும் 0.53 அப்படியே 0.53-தான். ஆதிக்கம் செலுத்துபவை திரையின் கடைசி இலக்கமும் முகங்களின் சாய்வும். இரண்டும் வாடிக்கையாளரின் கருவிக்குள்ளேயே இருக்கின்றன.

பிழைக்கு வருவோம். ஸ்லிப் கேஜின் பெயரளவு 20.2, ஆனால் அதன் சான்றிதழ் 0.08 மைக்ரான் கூடுதல் என்கிறது. எனவே பிழை 20.2012-லிருந்து 20.20008-ஐக் கழித்தது, அதாவது +1.1 மைக்ரான். இந்தக் கருவிக்கு அனுமதி ±2 மைக்ரான் என்றால் பாஸ் என்று முத்திரை குத்திவிடத் தோன்றும். ஆனால் 1.1-ஓடு நிச்சயமின்மை 1.1-ஐச் சேர்த்தால் 2.2. உண்மையான பிழை 2-ஐத் தாண்டியிருக்கும் வாய்ப்பை நம் கணக்கே விட்டுவைக்கிறது. காலிபிரேஷன் லேப்களுக்கான தரநிலையான ISO/IEC 17025-இன் 2017 பதிப்பு, இப்படிப்பட்ட நிலையில் எந்த விதிப்படி தீர்ப்புச் சொல்வது என்று வேலையை ஏற்கும்போதே வாடிக்கையாளரிடம் பேசி முடிவு செய்யச் சொல்கிறது. நிச்சயமின்மையைக் கணக்கில் எடுக்காத எளிய விதியை அவர் ஒப்புக்கொண்டிருந்தால் இது பாஸ். நிச்சயமின்மையைக் கழித்து எல்லையைக் குறுக்கும் விதி என்றால் எல்லை 0.9 ஆகிவிடும், 1.1 பாஸ் ஆகாது. இதைப் பயிற்சி மாணவர் தானாக முடிவு செய்ய வேண்டியதில்லை. ஒப்பந்தத் தாளை எடுத்துப் பார்த்து, எந்த விதி என்று சான்றிதழில் குறிப்பிட்டு, முதல் வரியில் எழுதிய அந்த –0.003-ஐயும் விட்டுவிடாமல் சேர்த்து, கையெழுத்திடும் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும்.