கைமாற்றும் ஆறு வருடக் கணக்கும்

பன்னிரண்டாயிரம் வெள்ளி போனது எப்படி என்று யாராவது கேட்டால், "ஏமாந்துட்டேன்" என்று சொல்வது எனக்குச் சுலபம். உண்மை அதுவல்ல. வாங்கியவர் இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. நான்தான் காத்துக்கொண்டே இருந்தேன்.

நண்பருக்கு இரண்டு முறை கைமாற்று கொடுத்திருந்தேன். முதலாவது 2016 ஏப்ரலில், பன்னிரண்டாயிரம். வங்கி வழியாக அனுப்பியது, அதனால் பதிவு இருக்கிறது. "எப்போ முடியுதோ அப்போ குடு" என்று நானே பெரிய மனதாகச் சொல்லியிருந்தேன். இரண்டாவது 2018 ஆகஸ்டில், ஒன்பதாயிரம். அப்போது என் மனைவி பக்கத்தில் இருந்ததால், தேதி கேட்டு வாங்கினாள். "2019 பிப்ரவரி கடைசிக்குள் தருகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினார். அந்த ஒரு வரிதான் பின்னால் எனக்குக் கைகொடுத்தது.

அதற்கப்புறம் ஐந்தாறு வருடம் கேட்பதும் அவர் தள்ளிப்போடுவதுமாகவே போயிற்று. கேட்டுக்கொண்டே இருக்கிற வரைக்கும் என் உரிமை உயிரோடு இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். 2024 நவம்பர் 18ஆம் தேதி, எங்கள் பேட்டை சமூக மன்றத்தில் நடந்த இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போனேன். இருபது நிமிடம்தான் கொடுப்பார்கள். எதிரே உட்கார்ந்திருந்தது ஒரு தமிழ்ப்பெண், என் மகள் வயதிருக்கும்.

நான் கதையை ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "அங்கிள், அவர் நல்லவரா கெட்டவரா அப்புறம் பார்ப்போம். தேதியை மட்டும் சொல்லுங்க."

சிங்கப்பூரின் காலவரம்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தின் அடிப்படையிலான கோரிக்கைக்கு ஆறு வருடம். வழக்குப் போடும் உரிமை பிறந்த நாளிலிருந்து அதை எண்ண வேண்டும். திருப்பித் தரும் தேதி குறித்திருந்தால், அந்தத் தேதி தவறியதும் எண்ணிக்கை தொடங்கும். அது சரி. ஆனால் தேதியே குறிக்காமல், கேட்கும்போது தர வேண்டும் என்று கொடுத்த கடனுக்குக் கொடுத்த அன்றே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுமாம். நான் கேட்ட நாளிலிருந்தும் இல்லை, அவர் மறுத்த நாளிலிருந்தும் இல்லை. என் பெரிய மனதுக்குக் கிடைத்த பரிசு அது. முதல் கடன் 2022 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார்: "நடுவுல ஏதாவது குடுத்தாரா? நூறு வெள்ளியா இருந்தாலும் சொல்லுங்க."

கடனில் ஒரு பகுதியைக் கட்டினால், கட்டிய நாளிலிருந்து ஆறு வருடம் புதிதாகத் தொடங்கும். கடன் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாலும் அப்படித்தான். எனக்கு உயிர் வந்தது. 2017 செப்டம்பரில் பேநவ் வழியாக ஐந்நூறு அனுப்பியிருந்தார். அந்தப் பெண் கணக்குப் போட்டார்: 2023 செப்டம்பர். பதினான்கு மாதம் தாமதம்.

"அப்புறம் ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் முந்நூறு ரொக்கமா குடுத்தார். பழைய கணக்குல கழிச்சுக்கோன்னார்."

"எந்த தீபாவளி?"

2018 தீபாவளி நவம்பர் 6. அந்த வருடம் கொடுத்திருந்தால், இரண்டு வாரம் முன்னால்தான் அதுவும் காலாவதியாகியிருக்கும். 2019 தீபாவளி அக்டோபர் 27. அந்த வருடம் என்றால் இன்னும் பதினொரு மாதம் கையில் இருக்கிறது, முதல் கடனும் பிழைத்துவிடும். பதினோராயிரத்து இருநூறு வெள்ளி ஒரே ஒரு தீபாவளியில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஞாபகம் வரவில்லை. தேக்காவில் கூட்டத்துக்கு நடுவே நின்று வாங்கினது நினைவிருக்கிறது, அன்று அவர் போட்டிருந்த சட்டை நினைவிருக்கிறது, வருடம் மட்டும் இல்லை. ரசீது கிடையாது. பகுதிப் பணம் கட்டியதற்கு எழுத்து வேண்டியதில்லைதான், ஆனால் கட்டியதை நான்தான் நிரூபிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து மனைவியைக் கேட்டால் அவள் 2017 என்கிறாள்.

நியாயமான கடனுக்குக் கெடு எதற்கு என்று அந்தப் பெண்ணிடம் கொஞ்சம் சூடாகவே கேட்டிருந்தேன். காலம் போகப் போக சாட்சிகள் மறந்துவிடுவார்கள், காகிதம் தொலைந்துவிடும், இரண்டு பக்கத்துக்கும் நியாயமாக விசாரிக்க முடியாது என்றார். அப்போது சாக்குப்போக்காகத் தெரிந்தது. வீட்டில் இருவரும் ஆளுக்கொரு வருடம் சொல்லிக்கொண்டு நின்றபோது அவ்வளவு கோபம் இல்லை.

கட்டணம் கொடுத்து ஒரு வழக்கறிஞரைப் பிடித்தேன். என் போனில் நாற்பதுக்கு மேல் வாய்ஸ் மெசேஜ் சேர்த்து வைத்திருந்தேன். "உன் காசு எங்கேயும் போகாதுடா, என் உசுரக் குடுத்தாவது அடைப்பேன்" என்று அவர் குரலிலேயே. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கடனை ஒப்புக்கொள்வது எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்றார் வழக்கறிஞர். குரல் எழுத்தாகாது. எழுத்தில் இருந்தவையோ "அடுத்த மாசம் பாக்குறேன்", "கொஞ்சம் டைட்" என்கிற ரகம். எந்தக் கடன், கடன் இருக்கிறதா என்பதே அதில் தெளிவாக இல்லை. ஒரு தாளில் தொகையை எழுதி அவரைக் கையெழுத்துப் போட வைத்திருந்தால் இரண்டு நிமிட வேலை. நண்பரிடம் தாள் நீட்ட எனக்குக் கூச்சம்.

இன்னொன்றும் சொன்னார். காலம் கடந்துவிட்டது என்பதை எதிர்த்தரப்புதான் தன் பதில் மனுவில் எழுப்ப வேண்டும், நீதிமன்றம் தானாக எடுக்காது. ஆகவே முதல் கடனுக்கும் வழக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அவர் ஒரு வக்கீலைப் பார்த்தால் முதல் பத்தியே அதுவாகத்தான் இருக்கும், தோற்றால் அவர் செலவையும் நான் கட்ட நேரிடலாம். வேண்டாம் என்று விட்டேன். தீபாவளியை வைத்துச் சூதாட எனக்குத் தைரியம் இல்லை.

இரண்டாவது கடனுக்குக் கெடு 2025 பிப்ரவரி கடைசி. டிசம்பரில் பதினான்கு நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பினோம். நோட்டீஸ் அனுப்பினால் கடிகாரம் நின்றுவிடும் என்று நினைத்தேன், அதுவும் தப்பு. நீதிமன்றத்தில் வழக்கு பதிவானால்தான் நிற்கும். நோட்டீஸ் போனதும் அவர் போன் செய்து, "பொங்கல் முடியட்டும்டா, உக்காந்து பேசுவோம்" என்றார். பழைய நானாக இருந்தால் சரி என்றிருப்பேன். பேச்சு பாட்டுக்குப் பேச்சு நடக்கட்டும் என்று, ஜனவரி மூன்றாம் வாரம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கைப் பதிவு செய்தோம். ஸ்மால் கிளெய்ம்ஸில் போடலாமே, செலவு குறைவு என்று பலர் சொன்னார்கள். நண்பர்களுக்குள் கொடுத்த வெறும் கைமாற்றை அங்கே எடுக்க மாட்டார்கள். எடுக்கும் வகை வழக்குகளுக்கும் அங்கே கெடு இரண்டே வருடம்.

வழக்குத் தாள் கையில் கிடைத்ததும் அவர் வக்கீல் வைத்தார். இரண்டு மாதத்தில் சமரசம்: மாதம் எழுநூற்றைம்பது, பன்னிரண்டு தவணை, தவறினால் தீர்ப்பாக அமல்படுத்தலாம் என்று நீதிமன்ற உத்தரவாகவே எழுதிக்கொண்டோம்.

கையெழுத்தான அன்று வெளியே கோப்பிக்கடையில் சேர்ந்துதான் உட்கார்ந்தோம். "அந்தப் பன்னிரண்டாயிரம்..." என்று மெதுவாக இழுத்தேன். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "அதுக்கு டைம் போயிடுச்சுன்னு வக்கீல் சொல்றார்டா" என்றார். முந்நூறு கொடுத்தது எந்த தீபாவளி என்று கேட்டேன். அவருக்கும் நினைவில்லை என்றார்.