இரண்டு தாளிலும் 90 நாள்

ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்காளர் வசூலுக்கு அனுப்பச் சொல்லி எங்கள் வங்கிக்கு ஒரு பில் கட்டு கொண்டுவந்தார். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சரக்குக்குக் கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. இறக்குமதியாளரைப் பணம் தரச் சொல்லும் மாற்றுச்சீட்டில், அதாவது பில்லில், ‘பார்வைக்குப் பின் 90 நாளில் செலுத்தவும்’ என்று அச்சாகியிருந்தது. வங்கிக்கான வசூல் கடிதத்தில் ‘ஏற்புக் கையெழுத்து பெற்று ஆவணங்களைக் கொடுக்கவும், தவணை பில் ஆஃப் லேடிங் தேதியிலிருந்து 90 நாள்’ என்று இருந்தது. இரண்டிலும் 90 இருப்பதால் கண் சட்டென்று தாண்டிப் போய்விடும்.

நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். சரக்கு கப்பலேறியது மார்ச் 14. அந்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். மார்ச்சில் 17 நாள், ஏப்ரலில் 30, மே மாதத்தில் 31, ஆக மொத்தம் 78. மீதி 12 நாள் ஜூனில். கடிதத்தின்படி கெடு ஜூன் 12. ‘பார்வைக்குப் பின்’ என்றால் இறக்குமதியாளர் பில்லைப் பார்த்து ஏற்றுக் கையெழுத்திடும் நாளிலிருந்துதான் எண்ணிக்கை தொடங்கும். ஆவணங்கள் போய்ச் சேர்ந்து அவர் ஏப்ரல் 2 அன்று கையெழுத்திட்டால், கெடு ஜூலை 1. பத்தொன்பது நாள் வித்தியாசம். அவர் கையெழுத்தைத் தள்ளிப்போட்டால் கெடுவும் கூடவே தள்ளிப்போகும்.

இறக்குமதியாளரிடம் பில்லைக் காட்டும் எதிர்முனை வங்கி எதைப் பார்க்கும்? வசூல் பில்களுக்கு உலகெங்கும் வங்கிகள் பின்பற்றுவது யூ.ஆர்.சி. 522 விதிகள், 1996 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருப்பவை. அதன்படி வங்கி வசூல் கடிதத்தில் சொன்னதைத்தான் செய்யும். வேறு என்ன உத்தரவு இருக்கிறதென்று ஆவணங்களுக்குள் தேடிப் பார்க்காது. ஆனால் இறக்குமதியாளர் கையெழுத்திடுவது பில்லில். அவருடைய கடன் பொறுப்பு அந்தத் தாளில் உள்ள வாசகத்திலிருந்து பிறக்கிறது. கடிதம் ஜூன் 12 என்று கேட்கும், பில் ஜூலை 1 என்று சொல்லும். பணம் தர வேண்டியவர் எந்தத் தேதியைப் பிடித்துக்கொள்வார் என்று சொல்லவும் வேண்டுமா? இந்த பில்லின் பேரில் ஏற்றுமதியாளர் கடன் வாங்கியிருந்தால், அந்தப் பத்தொன்பது நாள் வட்டி அவர் தலையில்.

“சார், ஆர்டர்ல 90 நாள்னு மட்டும்தான் போட்டிருக்கு. எதுலேர்ந்துன்னு போடல” என்றார் கணக்காளர். பெரும்பாலும் இப்படித்தான். பேரம் பேசும்போது விற்பனைப் பிரிவு நாளைச் சொல்லும், தொடக்கத்தைச் சொல்லாது. பில் அச்சிடும் மென்பொருளில் பழைய வாசகம் ஒன்று கிடக்கும். கடிதத்தை வேறொருவர் எழுதியிருப்பார். வாங்குபவரிடம் மின்னஞ்சலில் கேட்டுத் தெளிவு பெற்று வாருங்கள் என்று அனுப்பினேன். பில் ஆஃப் லேடிங் தேதிதான் என்று பதில் வந்தது.

சரி, அத்தோடு முடியவில்லை. அந்த பில் ஆஃப் லேடிங்கில் இரண்டு தேதிகள் இருந்தன. தாள் வழங்கப்பட்டது மார்ச் 11, சரக்கு கப்பலில் ஏறியதாகக் குறிப்பிட்டது மார்ச் 14. முதலாவதை எடுத்தால் கெடு ஜூன் 9 ஆகிவிடும். மாற்றுச்சீட்டில் வெறுமனே ‘பில் ஆஃப் லேடிங் தேதியிலிருந்து’ என்று எழுதினால் இந்தத் தகராறு அப்படியே இருக்கும். பில்லை மட்டும் கையில் வைத்திருப்பவருக்குக் கெடு எந்த நாள் என்றே தெரியாது. அதனால் தேதியையே எழுதிவிடச் சொன்னேன்: ‘ஜூன் 12 அன்று செலுத்தவும்’. தவணை பில்லில் தொடக்க நாள் ஏற்கெனவே தெரிந்துவிட்டது என்றால் இதுதான் சுத்தமான வழி. கடிதத்திலும் அதே தேதி.

இதில் இன்னொரு சின்னக் கண்ணி உண்டு. 90 நாளும் மூன்று மாதமும் ஒன்றல்ல. மார்ச் 14 முதல் மூன்று மாதம் என்றால் ஜூன் 14. இதோடு சலுகை நாட்கள், விடுமுறை பற்றிய சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறும். சில நாடுகளில் மூன்று நாள் சலுகை இன்னும் சட்டத்தில் இருக்கிறது, பல நாடுகளில் இல்லை. கெடு விடுமுறையில் விழுந்தால் ஓரிடத்தில் முந்தைய வேலை நாள், மற்றோர் இடத்தில் அடுத்த வேலை நாள். பணம் செலுத்தப்படும் இடத்தின் சட்டத்தைத்தான் பொதுவாகப் பார்ப்பார்கள். எனவே ஏற்றுமதியாளர் தன் ஊர் நாட்காட்டியை வைத்து ஒரு நாளை உறுதியாக நம்பக் கூடாது.

ஆவணங்களை ஏற்பின் பேரில் கொடுப்பதா, பணம் வந்த பிறகு கொடுப்பதா என்பதைக் கடிதத்தில் தெளிவாக எழுதியாக வேண்டும். எழுதாமல் தவணை பில் மட்டும் வைத்து அனுப்பினால், விதிப்படி பணம் வந்த பிறகே கொடுப்பார்கள். சரக்கு துறைமுகத்தில் காத்துக்கிடக்கும். இந்தக் கடிதத்தில் அந்த வரி சரியாகவே இருந்தது.

ஏற்பு விஷயத்தில் கணக்காளருக்கு ஒரு தவறான நம்பிக்கை இருந்தது. எதிர்முனை வங்கி வாங்கித் தரும் கையெழுத்துக்கு அந்த வங்கியே பொறுப்பு என்று நினைத்திருந்தார். ஏற்பு வாசகம் பார்வைக்கு முழுமையாகவும் சரியாகவும் இருக்கிறதா என்பது வரைதான் அதன் கடமை. கையெழுத்து உண்மையா, கையெழுத்திட்டவருக்கு நிறுவனத்தின் சார்பில் அந்த அதிகாரம் உண்டா என்பதற்கெல்லாம் அது பொறுப்பேற்காது. பொருள் கைக்குப் போன பிறகு ஏற்றுமதியாளரிடம் மிஞ்சுவது அந்தக் கையெழுத்து மட்டும்தான். வாங்குபவர் புதியவர் என்றால், ஏற்பு முறையே யோசிக்க வேண்டிய விஷயம்.

கட்டணத்தில்தான் அதிக நேரம் போனது. கடிதத்தில் ‘வெளிநாட்டுக் கட்டணங்கள் அனைத்தும் வாங்குபவர் கணக்கில், தள்ளுபடி செய்யக் கூடாது’ என்று இருந்தது. “எப்பவும் இதைத்தான் சார் போடுவோம், கண்டிப்பா இருக்கட்டும்னு.” கண்டிப்புதான், ஆனால் யாரைக் கடிக்கிறது என்று பார்க்க வேண்டும். ‘தள்ளுபடி கூடாது’ என்ற சொல் இல்லாதபோது, வாங்குபவர் கட்டணம் தர மறுத்தால், வங்கி ஏற்பை மட்டும் வாங்கிக்கொண்டு ஆவணங்களைக் கொடுத்துவிடலாம். அந்தக் கட்டணத்தை வசூலாகும் தொகையில் பிடித்துக்கொள்ளும். அந்தச் சொல் இருந்தால் ஆவணங்களைக் கொடுக்காது. தாமதத்தால் வரும் எந்த நஷ்டத்துக்கும் வங்கி பொறுப்பல்ல என்றும் விதி சொல்கிறது. ஒரு சின்னக் கட்டணத்துக்காக ஒரு கண்டெய்னர் நின்றால், சில நாளிலேயே துறைமுக வாடகை கட்டணத்தைத் தாண்டிவிடும்.

அந்தச் சொல்லே வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. தேங்கினாலும் கெடாத, வாடகை ஏறாத சரக்கு, முரண்டு பிடிக்கும் பழைய வாடிக்கையாளர் என்றால் போடலாம். இந்தச் சரக்குக்கு அது பொருந்தவில்லை. ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பார்க்கச் சொன்னேன்: கட்டணம் பிடிக்கப்பட்டால் லாபத்தில் எவ்வளவு குறையும், சரக்கு ஒரு வாரம் நின்றால் எவ்வளவு குறையும். முதலாளியிடம் பேசிவிட்டு வந்து ‘தள்ளுபடி செய்யக் கூடாது’ என்பதை அடித்துத் திருத்தினார். வட்டியைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாமா என்றும் கேட்டார். சேர்க்கலாம், ஆனால் விகிதம், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, ஆண்டுக்கு 360 நாளா 365 நாளா என்று மூன்றையும் எழுத வேண்டும் என்றேன். வேண்டாமென்று விட்டுவிட்டார்.

புது மாற்றுச்சீட்டும் திருத்திய கடிதமும் அடுத்த நாள் போயின. ஏற்பு கிடைத்ததும் எதிர்முனை வங்கியிடமிருந்து MT 412 செய்தி வந்தது, பில் ஏற்கப்பட்டதை ஒரு வங்கி இன்னொரு வங்கிக்குத் தெரிவிப்பது அதில்தான். அதில் 32A புலத்தில் கெடு நாளும் நாணயமும் தொகையும் ஒரே வரியில் இருக்கும். ஜூன் 12, தொகையும் சரி. வாங்குபவர் கட்டணத்தைத் தர மறுத்துவிட்டதாகவும், வரும் தொகையில் கழித்துக்கொள்வதாகவும் தனிச் செய்தி வந்தது. கணக்காளரிடம் அதைக் காட்டியபோது, அந்தத் தொகையைச் செலவுக் கணக்கில் ஏற்கெனவே எழுதிவைத்துவிட்டதாகச் சொன்னார்.