கதவை அளவுகோலாக வைத்து அறைக்குப் பெயிண்ட் கணக்கிட்டது

தங்கை வீட்டில் ஓர் அறைக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது. வாங்கி அனுப்பும் பொறுப்பு என்னுடையது, அறையோ தொலைவில். பொருள்கள் நிறைந்திருந்ததால் சுவர் நெடுக டேப் பிடிக்க அவளால் முடியவில்லை. கதவை மட்டும் அளக்கச் சொல்லி, நான்கு சுவர்களையும் படமெடுத்து அனுப்பச் சொன்னேன்.

கதவில் எதை அளப்பது என்பதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. கதவுப் பலகை பெரும்பாலும் சுவரின் முகத்திலிருந்து கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். நான்கு மீட்டர் தள்ளி நின்று எடுத்த படத்தில், பத்து சென்டிமீட்டர் உள்ளே இருக்கும் பலகை சுமார் 2.5% சிறிதாகத் தெரியும். அதை அளவுகோலாக வைத்தால் சுவர் நீளத்திலும் உயரத்திலும் அந்த அளவு கூடி, பரப்பு 5% வரை வீங்கிவிடும். அதனால் சுவரோடு ஒட்டியிருக்கும் கதவு நிலையின் வெளி விளிம்பை அளக்கச் சொன்னேன். உயரம் 210 செ.மீ., அகலம் 100 செ.மீ. என்று வந்தது.

முதலில் வந்த கதவுச் சுவர்ப் படத்தைக் கணினியில் ஒரு படத் திருத்தியில் திறந்தேன். சுட்டியை நகர்த்தினால் அது எத்தனையாவது பிக்சலில் நிற்கிறது என்று காட்டும். நிலையின் உயரத்தை வைத்துப் பார்த்தால் ஒரு சென்டிமீட்டருக்கு 7 பிக்சல், அகலத்தை வைத்துப் பார்த்தால் 6.5 பிக்சல். நேர் எதிரே நின்று எடுத்த படத்தில் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அகலம் குறைந்தால் பக்கவாட்டில் நின்று எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 6.5 என்று திருத்தி வகுத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும், ஆனால் ஆகாது. சாய்ந்த படத்தில் சுவரின் கிட்டத்து முனை பெரிதாகவும் தூரத்து முனை சிறிதாகவும் இருப்பதால், கதவு நிற்கும் இடத்துக்கான அளவு சுவரின் மறுமுனைக்குப் பொருந்தாது. கதவின் இரண்டு அளவையும் கேட்டு வாங்கியது இதைக் கண்டுபிடிக்கத்தான்.

"எதிர்ச்சுவரில் முதுகு ஒட்டுற மாதிரி, சுவருக்கு நடுவுல நின்னு, போனை நெஞ்சு உயரத்துல நேரா பிடிச்சு எடும்மா. 0.5x வேண்டாம், 1x-லயே எடு" என்றேன். அகலக் கோண லென்ஸ் ஓரங்களை இழுத்துவிடும். கூரையும் சுவரும் சேரும் கோடு படத்தில் வளையாமல் போகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்து வந்த படத்தில் நிலை 1470 பிக்சல் உயரம், 700 பிக்சல் அகலம். இரண்டு பக்கமும் 7. சுவரின் உயரம் 2030 பிக்சல், அதாவது 290 செ.மீ. நீளம் 2520 பிக்சல், அதாவது 360 செ.மீ.

சரி, கதவே இல்லாத பக்கச் சுவருக்கு? கூரை மட்டமாக இருந்ததால் எல்லாச் சுவர்களுக்கும் உயரம் அதே 290 செ.மீ. தான். இனி அதுவே அளவுகோல். பக்கச் சுவர்ப் படத்தில் இடது மூலையும் வலது மூலையும் 2320 பிக்சல் உயரம் இருந்தன. இரண்டும் சமமாக இருந்ததால் படம் நேராக எடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தது. சென்டிமீட்டருக்கு 8 பிக்சல், நீளம் 3360 பிக்சல், ஆக 420 செ.மீ.

சுற்றளவு 15.6 மீட்டர், உயரம் 2.9 மீட்டர், மொத்தம் 45.2 சதுர மீட்டர். கதவுக்கு 2.1, ஜன்னலுக்கு 1.8 கழித்தால் 41.3. இரண்டு கோட் என்றால் 82.6 சதுர மீட்டர்.

லிட்டர் கணக்கில் பெரிய ஐயம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. டப்பாவில், ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் வரை வரும் என்று போட்டிருந்தது. அது வழவழப்பான, பிரைமர் அடித்த சுவருக்கான கணக்கு. சொரசொரப்பான சுவர் 8-க்கே இழுத்துவிடலாம். 12 என்றால் 6.9 லிட்டர், 8 என்றால் 10.3 லிட்டர். படத்தில் நீளம், உயரம் இரண்டையும் 3% தவறாக அளந்திருந்தாலும் அரை லிட்டர்தான் கூடிக் குறையும். சுவரின் தன்மையோ மூன்று லிட்டருக்கு மேல் மாற்றுகிறது.

அதனால் ராத்திரி விளக்கை அணைத்து, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்து, ஒரு கிட்டத்துப் படம் கேட்டேன். மேடு பள்ளம் இருந்தால் அந்த வெளிச்சத்தில் நிழல் விழும். பழைய பெயிண்ட் மட்டமாகவே இருந்தது, ஜன்னலுக்குக் கீழே மட்டும் பட்டி பார்த்த திட்டு ஒன்று. அந்த இடத்துக்கு மட்டும் பிரைமர் போதும் என்று முடிவு செய்து, 10 என்று வைத்தேன். 8.3 லிட்டர், ரோலரிலும் தட்டிலும் தங்குவதற்குப் பத்து சதவீதம் சேர்த்து 9.1.

ஒன்பதோடு நிறுத்தாமல் பத்து லிட்டராக வாங்கினேன். கடையில் கலந்து தரும் நிறம் என்பதால், குறைந்தால் பிறகு கலந்து வாங்குவது அச்சு அசலாக ஒத்துப்போகும் என்ற உறுதி இல்லை. அடித்து முடித்தபோது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சியது. ஆணி பிடுங்கிய இடங்களைத் திருத்த அது ஆகும் என்று தங்கை மூடி வைத்திருக்கிறாள்.