ஒன்பது முதல் ஒன்பது வரை

கும்பகோணத்தில் ஒரு கிளினிக்குக்கு இணையதளம் செய்து கொடுத்து மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒரு புதன்கிழமை பாக்கிப் பணம் வாங்க அங்கே போயிருந்தேன். ரிசப்ஷன் மேசைக்கு முன்னால் ஓர் அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நின்றார். அணைக்கரையிலிருந்து பஸ் ஏறி வந்தவர். கூட வந்த மகன் போனை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்: "காலை 9 முதல் இரவு 9 வரைன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க. இப்ப காது டாக்டர் இல்லன்னா எப்படிங்க?"

காது மூக்கு தொண்டை மருத்துவர் தஞ்சாவூரிலிருந்து வருபவர். செவ்வாய், வெள்ளி மாலை மட்டும்தான் இருப்பார். ரிசப்ஷனில் இருந்த அக்கா அந்த அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. '9 முதல் 9 வரை' என்ற அந்த வரியை எழுதியவன் நான்.

பணம் கேட்க வாய் வரவில்லை. தளத்தில் என்னென்ன பக்கம், எதற்குக் கீழே எது என்று காட்டும் தளவரைபடத்தை, அதாவது சைட்மேப்பை, மறுபடி போட்டுத் தருகிறேன், கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் வரைபடத்தை எப்படிப் போட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வேறு நாலைந்து மருத்துவமனைத் தளங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, அவற்றில் இருந்த தலைப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டேன். முகப்பு, எங்களைப் பற்றி, துறைகள், சேவைகள், வசதிகள், மருத்துவர்கள், நேரம், படங்கள், தொடர்பு. பார்க்க முறையாகத்தான் இருந்தது. ஆனால் ஈசிஜி எங்கே இருக்கும் என்று கேட்டால் எனக்கே தெரியாது. இதயத் துறையிலா, சேவைகளிலா, வசதிகளிலா? மூன்றிலும் போட்டிருந்தேன்! ஒரே பொருளை மூன்று இடத்தில் வைக்க வேண்டி வந்தால், அந்த மூன்று பெட்டிகளுக்கும் நடுவே கோடு சரியாக விழவில்லை என்று அர்த்தம். அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

இரண்டாம் தடவை கணினியைத் திறக்கவில்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் ரிசப்ஷன் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வருகிற ஒவ்வொரு போனிலும் முதல் கேள்வி என்ன என்பதை மட்டும், கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதினேன். "எலும்பு டாக்டர் இன்னிக்கு உண்டா?" "சுகர் டாக்டர் எத்தனை மணிக்கு வருவார்?" "லேடி டாக்டர் இருக்காங்களா?" "தையல் பிரிக்க எப்ப வரலாம்?" "சுகர் டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துல வரணுமா?" இரண்டு நாள் முடிந்து எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: இந்தத் தொந்தரவுக்கான டாக்டர் இன்றைக்கு இருக்கிறாரா. கிளினிக் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். அவர்களிலும் பாதிப் பேர் உண்மையில் கேட்டது மருந்துக்கடையைப் பற்றி.

அந்த '9 முதல் 9 வரை' இன்னொரு பக்கமும் தப்பு என்பது அங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. லேப் கதவு காலை ஆறரைக்கே திறந்துவிடுகிறது. வெறும் வயிற்றில் சுகர் பார்க்க வருகிறவர்கள் அதற்கு முன்பே வாசல் திண்ணையில் காத்திருப்பார்கள். ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். என் பக்கத்தை நம்பி ஒருவர் ஒன்பது மணிக்கு வந்தால் அவர் பாதி நாள் அங்கேயே போய்விடும். அதுவும் சர்க்கரை நோயாளி, ஒன்பது மணி வரை பட்டினி.

ஆக, நேரம் என்று தனியாக ஒரு பக்கம் போட்டதில்தான் கோளாறு. நேரம் கட்டிடத்தின் குணம் இல்லை. ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு நேரம், ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரு நேரம். அதை அவரவர் பக்கத்தில் தொங்கவிட வேண்டும். ஆனால் அதில் வேறு ஆபத்து இருக்கிறது. டாக்டர் பக்கத்தில் ஒரு நேரம், துறைப் பக்கத்தில் ஒரு நேரம், முகப்பில் ஒரு நேரம் என்று மூன்று இடத்தில் கையால் எழுதினால், ஆறு மாதத்தில் மூன்றும் மூன்று கதை சொல்லும். அதனால் வரைபடத்துக்கு அடியில் ஒரே ஒரு அட்டவணை வைத்தேன். டாக்டர், கிழமை, தொடக்கம், முடிவு, எந்தத் தொந்தரவு என்று ஐந்து கட்டம். பக்கங்கள் எல்லாம் அதிலிருந்து எடுத்துக் காட்டுபவைதான். காகிதத்தில் அதற்குப் பென்சிலால் புள்ளிக்கோடு போட்டேன், ஏனென்றால் அது நோயாளி பார்க்கிற பக்கம் இல்லை.

பெயர் வைப்பதில்தான் அதிக நாள் போனது. டெஸ்ட், சிகிச்சை, டாக்டர் வகை என்று முப்பதுக்கு மேல் சீட்டு எழுதி, நர்ஸ்கள், லேப் பையன், காத்திருந்தவர்களில் பொறுமையுள்ள சிலர் என்று ஆளாளுக்குக் கொடுத்து, சேர்ந்தது எதுவோ அதைச் சேர்த்து வையுங்கள், குவியலுக்கு நீங்களே பேர் சொல்லுங்கள் என்றேன். 'நோயறிதல் சேவைகள்' என்று நான் எழுதியிருந்ததை ஒருவர்கூடச் சொல்லவில்லை. எல்லாருக்கும் அது 'டெஸ்ட், ஸ்கேன்'. ஒரு பெரியவர் 'சேவைகள்' என்ற சீட்டைப் பார்த்துவிட்டு, "இது இலவச முகாம்தானே தம்பி?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேவை என்றால் நம்மூரில் பணம் வாங்காமல் செய்வது. அவர் சொன்னதில் என்ன தப்பு?

'நரம்பு' என்ற சொல் இன்னும் பெரிய வில்லங்கம். நரம்பியல் நிபுணர் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை திருச்சியிலிருந்து வருகிறார். ஆனால் "நரம்பு டாக்டர் எப்ப?" என்று கேட்பவர்களில் சிலருக்குக் காலில் ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டிருக்கும். பேச்சுவழக்கில் அதுவும் நரம்புதான். அவர்கள் பார்க்க வேண்டியது அறுவைச் சிகிச்சை மருத்துவரை. ரிசப்ஷன் அக்கா போனிலேயே "கை கால் மரத்துப் போகுதா, இல்ல கால்ல சுருட்டிக்கிட்டு இருக்கா?" என்று கேட்டுப் பிரித்துவிடுவார். பக்கத்தால் அப்படிக் கேட்க முடியாது. அதனால் 'நரம்பு' என்ற தலைப்புக்குக் கீழே இரண்டு வரி வைத்தோம்: மரத்துப் போதல், வலிப்பு, பக்கவாதம் என்றால் இவர், காலில் நரம்பு சுருட்டல் என்றால் அவர். அந்த அக்காவின் கேள்விதான் அது, எழுத்தில்.

கடைசியில் வந்த வரைபடம் இவ்வளவுதான்:

```
முகப்பு: இன்று யார், எத்தனை மணிக்கு
├── டாக்டர்கள்
│   └── ஆளுக்கொரு பக்கம்: நேரம், அடுத்து வரும் தேதி
├── என்ன தொந்தரவு?
│   └── சுகர், எலும்பு, காது மூக்கு தொண்டை, நரம்பு...
├── டெஸ்ட், ஸ்கேன்
│   └── ஒவ்வொன்றுக்கும்: நேரம், எப்படி வர வேண்டும்
├── வழி, போன்
└── கிளினிக் பற்றி
```

'எப்படி வர வேண்டும்' என்பதைத் தனிப் பக்கமாக்காமல் டெஸ்ட்டோடு சேர்த்ததற்குக் காரணம் உண்டு. வயிற்று ஸ்கேனுக்கு வெறும் வயிற்றில் வர வேண்டும். அடிவயிற்று ஸ்கேன் என்றால் தண்ணீர் குடித்து, சிறுநீர் கழிக்காமல் வர வேண்டும். நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் ஒரு வீண் பஸ் பயணம்தான்.

இதை வரைந்த கையோடு பக்கம் கட்ட ஆரம்பிக்கவில்லை. தலைப்புகளை மட்டும் வெள்ளைத்தாளில் அடித்து, காத்திருப்பு ஹாலில் ஒவ்வொருவராகக் கேட்டேன். முதல் கேள்வியையே சொதப்பினேன். "குழந்தை டாக்டர் இன்னிக்கு இருக்காரான்னு எங்க பார்ப்பீங்க?" என்றேன். எல்லாரும் 'டாக்டர்கள்' என்ற வரியில் விரலை வைத்தார்கள். வைக்காமல் என்ன செய்வார்கள், விடையைக் கேள்வியிலேயே கொடுத்துவிட்டேனே. அப்புறம் மாற்றிக் கேட்டேன்: "உங்க பேரனுக்குக் காய்ச்சல். சாயங்காலம் இங்க தூக்கிட்டு வரலாமான்னு தெரியணும். எதைத் தொடுவீங்க?" அப்போது விரல்கள் இரண்டாகப் பிரிந்தன. சிலர் 'டாக்டர்கள்', சிலர் 'என்ன தொந்தரவு?'. இரண்டு வழியும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்வதால் அதை அப்படியே விட்டேன். மூன்று தட்டலுக்குள் எல்லாம் கிடைத்துவிட வேண்டும் என்று எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. அந்த ஹாலில் நான் பார்த்த வரை, ஒவ்வொரு படியிலும் இதுதான் என்று தெரிந்தால் நாலாவது தட்டலுக்கும் யாரும் முகம் சுளிக்கவில்லை. இதுவா அதுவா என்று விரல் அந்தரத்தில் நின்றால் முதல் படியிலேயே போனை மடியில் வைத்துவிட்டு, "போன் பண்ணியே கேட்டுக்கறேன்" என்றார்கள்.

இதற்கிடையே பெரிய டாக்டரிடம் வரைபடத்தைக் காட்ட வேண்டியிருந்தது. அவருடைய தகப்பனார் ஆரம்பித்த கிளினிக். அந்தத் தகப்பனாரின் படமும் ஒரு செய்தியும் முகப்பில் முதலில் வர வேண்டும் என்பது டாக்டரின் ஆசை. நான் வாதாடவில்லை. ரிசப்ஷன் நோட்டை மேசையில் வைத்து, "சார், இந்த ரெண்டு நாள்ல ஐயாவைப் பத்திக் கேட்டு ஒரு போன்கூட வரலை. ஆனா இங்க வந்து உட்கார்ந்தவங்க நிறைய பேர் அவர் கைராசியைச் சொல்றாங்க" என்றேன். நோட்டைக் கொஞ்ச நேரம் புரட்டினார். அப்புறம் படம் 'கிளினிக் பற்றி' பக்கத்துக்குப் போனது, பெரிதாகவே. அவருடைய தங்கை மகன், கல்லூரியில் கணினி படிப்பவர், குறுக்கே வந்து "சைட்மேப்பா? அது ப்ளக்-இன் போட்டா தானா வந்துடுமே" என்றார். அவர் சொன்னது `sitemap.xml`. தேடுபொறிக்குக் கொடுக்கிற முகவரிப் பட்டியல் அது, பக்கங்கள் எல்லாம் கட்டி முடித்த பிறகு வருவது. எந்தப் பக்கம் வேண்டும், எதற்குக் கீழே எது என்பதை அது சொல்லாது. பெயர் ஒன்றாக இருப்பதால் வருகிற குழப்பம். எனக்கும் முதல் வருடம் இருந்தது.

வரைபடத்துக்கு வெளியே ஒரு வேலை பாக்கியிருந்தது. கூகுளில் கிளினிக் பெயரைத் தட்டினால் தளத்துக்கு முன்னால் ஊர் மேப்போடு ஒரு பெட்டி வருகிறதே, அதில் யாரோ எப்போதோ '24 மணி நேரமும்' என்று போட்டிருந்தார்கள். அங்கே பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர் நம் தளத்துக்குள் வரவே போவதில்லை. அதைத் திருத்தி, கீழே தளத்தின் 'இன்று யார்' பக்கத்துக்கு இணைப்பு கொடுத்தோம்.

அட்டவணையைத் திருத்துகிற பொறுப்பு ரிசப்ஷன் அக்காவுக்கு. டாக்டர் வரவில்லை என்று தகவல் வந்ததும் தன் போனிலேயே ஒரு தட்டு, முகப்பில் 'இன்று இல்லை' என்று வந்துவிடும். அவர் விடுப்பில் போகிற நாளில் அது நடப்பதில்லை. இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் பேசிக்கொள்கிறோம்.

நரம்பு டாக்டர் பக்கத்தில் மட்டும் இன்னும் ஒரு சிக்கல் தீரவில்லை. '1, 3 சனி' என்று எழுதினால் நோயாளிகள் காலண்டரை வைத்துக்கொண்டு எண்ண வேண்டியிருக்கிறது என்பதால், அடுத்து வரும் தேதியையே காட்டும்படி செய்துவிட்டேன். நன்றாகத்தான் ஓடுகிறது. ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில் மட்டும், அந்த ஐந்தாவதுக்கு அவர் வருவாரா என்பது அவருக்கே வெள்ளிக்கிழமை இரவுதான் தெரியும். அந்த வாரம் அக்கா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, என்ன போடட்டும்?" என்கிறார். 'போன் செய்து கேட்கவும்' என்று போடச் சொல்லியிருக்கிறேன்.