வலி விடவே இல்லை என்று சொன்ன நிமிடம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீடு. மூத்தவள் வயிற்றில் கால் கீழாக இருந்ததால் பொள்ளாச்சியில் சிசேரியன். இரண்டாவது உண்டானபோது அவளுக்கு இரண்டு வயது. இந்த முறை பாலக்காட்டில் காட்டினேன். சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாமா என்று நானாகத்தான் கேட்டேன்.

டாக்டர் உடனே சரியென்று சொல்லவில்லை. பொள்ளாச்சி டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுவரச் சொன்னார். வெளியே தெரியும் தழும்பு குறுக்காக இருப்பதால் உள்ளே கர்ப்பப்பையையும் குறுக்காகத்தான் வெட்டினார்கள் என்று சொல்லிவிட முடியாதாம். மேல்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தால் வலி எடுக்கவே விடமாட்டார்கள். அந்தத் தாளைத் தேட என் வீட்டுக்காரர் ஒரு நாள் வேலையை விட்டார். கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு என்று அதில் இருந்தது.

முப்பத்தாறாவது வாரத்தில் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். மலையாளி என்றாலும் நல்ல தமிழ். இப்படி முயற்சி செய்யும் நூறு பேரில் எழுபதுக்கு மேல் சுகமாகவே பெறுகிறார்கள். தானாக வலி வந்தால், ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குப் பழைய தையல் பிரியலாம். நாள் குறித்துச் செய்யும் சிசேரியனில் அந்த ஆபத்து மிக மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொரு அறுவையும் கூடக்கூட, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி தழும்போடு ஒட்டிக்கொள்ளும் பயம் கூடும். முயற்சி பாதியில் நின்று அவசரமாக அறுக்க நேர்ந்தால், அது நாள் குறித்துச் செய்வதைவிடக் கஷ்டம். வலி வரவைக்கத் தனக்கு மாத்திரை வைக்கும் எண்ணம் இல்லை, அது தையலுக்கு ஆகாது என்றார். வலி தொடங்கியதும் வந்துவிட வேண்டும், வீட்டில் பொறுத்திருக்கக் கூடாது.

கிளம்பும்போது சொன்னார்: "லேபர் ரூமில் எல்லாரும் வலிக்குதுன்னுதான் சொல்வாங்க. அதை வச்சு சிஸ்டருக்கு ஒண்ணும் புரியாது. வயிறு இளகின பிறகும் வலி விடலைன்னா, அதை அப்படியே சொல்லணும். ஆனா தையல் பிரியறது வலி வந்துதான் தெரியும்னு இருக்காதீங்க. பெரும்பாலும் குழந்தையோட இதயத் துடிப்புலதான் முதல்ல தெரியும். அதுக்காகத்தான் பெல்ட்டைக் கழட்டாம வச்சிருப்போம்."

"ஒருக்கா அறுத்தா அறுத்ததுதான் கண்ணு, எதுக்கு வம்பு" என்றார் அத்தை. அவர் பயமும் நியாயமானதுதான். யோசித்து, முயற்சி செய்யவே கையெழுத்துப் போட்டேன்.

நாற்பதாவது வாரம், இரவு இரண்டு மணிக்கு வலி எடுத்தது. நான்கு மணிக்குள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். கையில் ஊசி வழி போட்டு, ரத்தம் தயார் வைக்க மாதிரி எடுத்து, வயிற்றில் பெல்ட் கட்டினார்கள். ஒன்பது மணிக்குக் கர்ப்பப்பை வாய் ஏழு சென்டிமீட்டர் திறந்திருந்தது. எல்லாம் நன்றாகத்தான் போனது.

பத்து மணி வாக்கில் அடிவயிற்றில், தழும்புக்கு நேராக, ஒரு எரிச்சல். வலி வந்து போனது, வயிறு இளகியது, எரிச்சல் மட்டும் போகவில்லை. அடுத்த வலி, அதற்கடுத்ததும் அப்படியே. சிஸ்டர் "வேதன உண்டோ மோளே?" என்று கேட்டார். "உண்டு" என்று மட்டும் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். "வயிறு இளகிருச்சு, ஆனா இந்த இடத்துல வலி விடவே இல்லைங்க சிஸ்டர்" என்று கையை வைத்துக் காட்டினேன்.

அவர் அங்கே லேசாக அழுத்தினார். துள்ளிவிட்டேன். உடனே பெல்ட் தாளைப் பார்த்தார். நூற்று நாற்பதில் இருந்த குழந்தையின் துடிப்பு ஒவ்வொரு வலிக்கும் தொண்ணூறுக்கு இறங்கி, மெதுவாகவே ஏறியது. என் நாடி 118. சிறுநீர்க் குழாய் போட்டதும் லேசாகச் சிவந்து வந்தது. அதுவரை நன்றாக வந்த வலியும் தளர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் வந்து தாளைப் பார்த்தார். "இனி காத்திருக்க வேண்டாம்" என்றார். அரை மணிக்குள் முதுகில் ஊசி போட்டு எடுத்துவிட்டார்கள். அழுகை கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. 2.9 கிலோ, பையன்.

தையல் நெடுகப் பிரிந்து, மேலே மெல்லிய ஜவ்வு மட்டும் மூடியிருந்ததாக மறுநாள் டாக்டர் சொன்னார். அதுவும் கிழிந்திருந்தால் குழந்தை வயிற்றுக்குள் நழுவியிருக்கும், எனக்கும் உள்ளே ரத்தம் கொட்டியிருக்கும். முயற்சி செய்தது தப்பா என்று கேட்டேன். "உங்களுக்கு இது நடக்கும்னு முன்னாடி யாராலும் சொல்லியிருக்க முடியாது. நடந்தா உடனே அறுக்கிற இடத்துல இருந்தீங்க" என்றார்.

டிஸ்சார்ஜ் தாளில், தையல் பிரிந்திருந்ததையும் அடுத்த கர்ப்பத்தில் வலி எடுக்கும் முன்பே சிசேரியன் செய்ய வேண்டும் என்பதையும் எழுதித் தந்தார். பொள்ளாச்சித் தாளோடு சேர்த்து ஒரே உறையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது.