டாக்ரோலிமஸ் லெவல்: ரத்தம் கொடுத்த பிறகுதான் மாத்திரை

அண்ணனுக்கு கிட்னி மாற்றி ஒரு வருஷம் ஆகப்போகிறது. அம்மா கொடுத்த கிட்னி. ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. எங்களை அலைய வைத்தது அதற்கப்புறம் எடுத்த ஒரு ரத்தப் பரிசோதனை.

நான் நர்சிங் படிக்கிறேன். என் மெட்-சர்ஜ் நோட்டில், உடம்பு புதுக் கிட்னியை ஏற்காமல் எதிர்க்கும் ரிஜெக்‌ஷன் அறிகுறி என்று காய்ச்சல், கால் வீக்கம், சிறுநீர் குறைவது, எடையும் பிரஷரும் ஏறுவது, வைத்த கிட்னி மேல் வலி எல்லாம் இருக்கிறது. அண்ணனுக்கு இதில் ஒன்றுமே இல்லை. கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் மட்டும் 1.1-லிருந்து 1.5 ஆகியிருந்தது. சரி, ரிஜெக்‌ஷன் வராமல் தடுக்கப் போடும் டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அதன் லெவலும் பார்த்துவிடுங்கள் என்றார் தஞ்சாவூர் டாக்டர்.

அண்ணனுக்கு மாத்திரை காலை 8, இரவு 8. ரத்தம் எடுக்க வேண்டியது காலை மாத்திரை போடுவதற்குச் சற்று முன்பு. மருந்து ரத்தத்தில் ஆகக் குறைவாக இருக்கும் நேரம் அது. டோஸ் முடிவாவதும் அந்த அளவை வைத்துத்தான். மன்னார்குடியில் ஒரு கலெக்‌ஷன் சென்டருக்கு அண்ணி போன் செய்தபோது, "வெறும் வயிறு வேணாம்மா, மாத்திரையெல்லாம் போட்டுட்டே வரச்சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனும் போட்டுக்கொண்டு பத்து மணிக்குப் போய் ரத்தம் கொடுத்தார்.

ரிப்போர்ட்டில் 19. டாக்டர் வைத்திருந்த இலக்கோ 6-லிருந்து 8. இந்த மருந்து அதிகமானாலும் கிட்னியைக் கெடுத்து கிரியாட்டினினை ஏற்றும், குறைந்தாலும் ரிஜெக்‌ஷன் வந்து ஏற்றும். 19-ஐ நம்பியிருந்தால் டோஸைக் குறைத்திருப்பார்கள். நல்லவேளை, மருத்துவமனை சிஸ்டர் "மாத்திரை எத்தனை மணிக்கு, ரத்தம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். மறுநாள் முறையாக எடுத்ததில் 4.2!

பயாப்ஸியில் லேசான ரிஜெக்‌ஷன் தெரிந்தது. மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி போட்டு, டோஸையும் கூட்டினார்கள், கிரியாட்டினின் 1.2-க்கு இறங்கியது. லெவல் ஏன் விழுந்தது என்று துருவியதில், மருந்துக்கடையில் கேட்காமலே வேறு கம்பெனி கேப்ஸ்யூலை மாற்றிக் கொடுத்திருந்தது தெரிந்தது. மருந்து அதேதான் என்றாலும், கம்பெனி மாறினால் டாக்டரிடம் சொல்லி லெவலைத் திரும்பப் பார்க்க வேண்டும். இப்போது அண்ணி பழைய அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டித்தான் வாங்குகிறார்.

டெஸ்ட் அன்று மாத்திரையைச் சட்டைப்பையில் எடுத்துப்போய், ரத்தம் கொடுத்ததும் அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். முந்தின இரவு போட்ட நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் ஃபார்மில் எழுதச் சொல்லுங்கள். எழுத முகம் சுளித்தால் நீங்களே எழுதுங்கள். டியூப் மூடி ஊதா நிறமா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு முழு ரத்தம் வேண்டும், சீரம் பிரித்தால் உதவாது.

ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு நோய்த்தொற்று பயம் இன்னும் கூடுதல். அந்த நேரம் பார்த்து எங்கள் ஊரில் சம்பா அறுவடை. நெல் தூற்றும் தூசியிலும் மக்கின வைக்கோலிலும் பூஞ்சை இருக்கும், அது நுரையீரலைப் பிடிக்கும். களத்துக்குப் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "கணக்கு பாக்க மட்டும் போறேன்" என்று கிளம்பிய அண்ணனை அண்ணி வாசலிலேயே மறித்துவிட்டார். கணக்கு நோட்டு இப்போது வீட்டுக்கே வருகிறது.