ஆறு மோசமா, இரண்டு மோசமா? ஒரு ஈறு சார்ட் எழுதிய அனுபவம்

ஈறு சிகிச்சைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நாங்கள் முதலில் செய்வது முழு வாய்க்கும் ஒரு சார்ட் எழுதுவது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே எவ்வளவு ஆழம் என்று நான் அளந்து எண்களைச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொண்டே வருவார். நாற்காலியில் படுத்திருப்பவர் அதைக் கேட்டுக்கொண்டு தனக்குள் ஒரு கணக்குப் போடுவார். அந்தக் கணக்கு பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். ஐம்பதை நெருங்கிய ஒரு அம்மாவுக்கு அண்மையில் எழுதிய சார்ட் அதற்கு நல்ல உதாரணம் என்பதால் அதையே சொல்கிறேன்.

கீழ் முன்பற்கள் நீண்டுகொண்டே போவதுபோல் தெரிகிறது, மேலே ஈறு வீங்கியிருக்கிறது என்று வந்தார். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபைன் சாப்பிடுகிறார். சிலருக்கு அந்த மருந்தே ஈறைத் தடிக்க வைக்கும், முக்கியமாக முன்பற்களைச் சுற்றி. அதனால் தொடங்குவதற்கு முன்பே சார்ட்டின் மேல் ஓரத்தில் மருந்தின் பெயரைக் குறிக்கச் சொன்னேன்.

புரோப் என்பது மில்லிமீட்டர் கோடுகள் போட்ட, முனை மழுங்கிய மெல்லிய கம்பி. அதைப் பல்லோடு ஒட்டினாற்போல் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி, தடை தட்டியதும் நிறுத்தி, ஈறு விளிம்பில் எந்தக் கோடு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அழுத்தம் 25 கிராம் எடை அளவுக்குத்தான். எலக்ட்ரானிக் தராசில் நுனியை அழுத்திப் பார்த்தால் அது எவ்வளவு லேசானது என்று கைக்குப் புரியும். ஒரு பல்லுக்கு வெளிப்பக்கம் மூன்று, உள்பக்கம் மூன்று என ஆறு இடங்கள். இவருக்கு ஞானப்பற்கள் இல்லை. 28 பற்கள், 168 இடங்கள்.

புரோப்பை ஓரிடத்தில் குத்தி எடுத்துவிட்டு அடுத்த இடத்தில் குத்துவதில்லை. உள்ளேயே வைத்துக்கொண்டு, சிறு சிறு அடியாகப் பல்லைச் சுற்றி நகர்த்திப் போவோம். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள ஆழமான குழி குறுகலாக இருந்தால் குத்தி எடுக்கும் முறையில் தப்பிவிடும். இரண்டு பற்கள் தொட்டுக்கொள்ளும் இடத்துக்குக் கீழேதான் நோய் அதிகம் ஒளிந்திருக்கும். அங்கே புரோப்பைச் சற்றே சாய்த்து உள்ளே எட்ட வைக்க வேண்டும். நேராக வைத்தால் அளவு குறைந்து வரும், அதிகமாகச் சாய்த்தால் கூடிவிடும்.

மேல் வலது முன்பல் ஒன்றில், எங்கள் எண் முறையில் 12, நடுக்கோட்டை நோக்கிய பக்கம் ஆறு மி.மீ. வந்தது. கீழே 41 என்ற முன்பல்லில் அதே பக்கம் இரண்டு. அதைச் சொன்னதும், பேச முடிந்த முதல் இடைவெளியில் அவர் கேட்டார்: "டாக்டர், மேல ஆறுன்னீங்க, கீழ ரெண்டுன்னீங்க. அப்ப கீழ்ப்பல்லு நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?"

இல்லை. ஆழத்தை அளப்பது ஈறு விளிம்பிலிருந்து. அந்த விளிம்பு ஓரிடத்தில் நிற்பதில்லை. வீங்கினால் மேலேறும், சுருங்கினால் கீழிறங்கும். நகராத ஒரே கோடு பல்லின் எனாமல் முடிந்து வேர் தொடங்கும் இடம். அதை சி.இ.ஜே. என்போம். அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளிப்போய் ஈறு பல்லைப் பிடித்திருக்கிறது என்பதுதான் பிடிப்பிழப்பு. அதனால் ஒவ்வொரு இடத்திலும் ஆழத்தோடு விளிம்பின் நிலையையும் எழுதுகிறோம். சி.இ.ஜே.யைத் தாண்டி வேர் தெரிகிற அளவுக்கு ஈறு இறங்கியிருந்தால் அந்த அளவைக் கூட்டவேண்டும். எனாமலின் மேல் ஏறி நின்றால் கழிக்கவேண்டும்.

12-இல் ஈறு தடித்து எனாமலின் மேல் மூன்று மி.மீ. ஏறியிருந்தது. ஆறில் மூன்று போனால் பிடிப்பிழப்பு மூன்று. 41-இல் ஈறு மூன்று மி.மீ. இறங்கியிருந்தது. இரண்டோடு மூன்று சேர்ந்து ஐந்து. அவர் நல்லது என்று நினைத்த பல்லில்தான் இழப்பு அதிகம். எழுதிய தாளை அவர் கையில் கொடுத்து, இந்த இரண்டு கணக்கையும் அவரையே போட வைத்தேன். நான் விளக்குவதைவிட அது சீக்கிரம் புரிகிறது.

ஈறு மூடியிருக்கும்போது சி.இ.ஜே. கண்ணுக்குத் தெரியாது. நுனியைச் சாய்த்துப் பல்லின் மேல் இழுத்தால் வழவழப்பான எனாமல் முடியும் இடத்தில் ஒரு சிறு தட்டல் கிடைக்கும். அந்த இடத்தில் கேப்போ அடைப்போ இருந்தால் அதுவும் கிடைக்காது. அப்போது கேப்பின் விளிம்பை ஆதாரமாக எடுத்துக்கொண்டு, அப்படி எடுத்ததைச் சார்ட்டிலும் எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை அளப்பவர் வேறொரு இடத்திலிருந்து தொடங்குவார்.

இவரிடம் என்னைச் சந்தேகப்பட வைத்த எண் 36, கீழ் இடது கடைவாய்ப்பல். முன்பக்க மூலையில் மூன்று வந்தது. ஆனால் புரோப் நின்ற விதம் சரியில்லை. குழியின் அடி என்றால் மெத்தென்று, சற்றுக் கொடுத்து நிற்கும். இங்கே பல்லில் படிந்து கல்லான காரையில் கரகரவென்று முட்டி நின்றது. எக்ஸ்ரேயிலும் அந்தப் பக்கம் எலும்பு நன்றாக இறங்கியிருந்தது. மூன்று மி.மீ. குழிக்கு அது பொருந்தாது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட வைத்து, காரையை எடுத்தபின் மறுபடி அளந்தேன். ஆறு மி.மீ. இறங்கியது. ஈறு இறக்கம் ஒன்று. பிடிப்பிழப்பு ஏழு.

ரத்தக்கசிவை உடனே பார்த்தால் தவறிவிடும். ஒரு கால்வாசி வாயை அளந்து முடித்து, அரை நிமிடம் போல விட்டுத் திரும்பிப் பார்க்கிறோம். கசிந்த இடங்களுக்குச் சிவப்புப் புள்ளி. இவருக்கு 168-இல் 63, அதாவது 37.5 சதவீதம். 10 சதவீதத்துக்குள் இருந்தால் நலம் என்று கொள்வோம்; 30-ஐத் தாண்டினால் வீக்கம் வாய் முழுக்கப் பரவியிருக்கிறது. 41-இல் புள்ளி விழவில்லை. இழப்பு பழையது, இப்போது அங்கே வீக்கம் அடங்கியிருக்கிறது. 36-இலும் 12-இலும் விழுந்தது. புகைப்பவர்களிடம் மட்டும் சிவப்புப் புள்ளி குறைந்ததைப் பார்த்து நிம்மதியாகக் கூடாது. அவர்களுக்கு ஈறு நோய் இருந்தும் ரத்தம் குறைவாகவே கசியும். இவர் புகைப்பவர் இல்லை.

அடுத்தடுத்து இல்லாத இரண்டு பற்களில், பல்லிடுக்குப் பக்கம், பிடிப்பிழப்பு ஐந்தும் ஏழும். அதனால் மூன்றாம் நிலை ஈறு நோய் என்று எழுதினோம். 12-இன் ஆறு மி.மீ.யில் பெரும்பகுதி வீக்கம்தான். அதற்கு அவருடைய மருத்துவருக்கு, அம்லோடிபைனை மாற்ற முடியுமா என்று கேட்டு ஒரு கடிதம் கொடுத்தோம்.

வேர் வரை சுத்தம் செய்து மூன்று மாதம் கழித்து பல்லுக்கு அதே ஆறு இடங்கள், அதே புரோப். 12-இல் ஆழம் நான்காகியிருந்தது, ஈறு எனாமலின் மேல் ஒரு மி.மீ.தான் நின்றது. பிடிப்பிழப்பு அதே மூன்று. குழி குறைந்ததற்கு வீக்கம் வடிந்ததுதான் காரணம். 36-இல் ஆழம் நான்கு, இறக்கம் இரண்டு. இழப்பு ஏழிலிருந்து ஆறு. அந்த ஒரு மி.மீ.யை வளர்ச்சி என்று நான் அவரிடம் சொல்லவில்லை. கையளவில் ஒரு மி.மீ. முன்பின் வருவது சகஜம். அதோடு, வீங்கிய ஈறில் புரோப் திசுவுக்குள்ளேயே கொஞ்சம் புகுந்துவிடும், ஆறிய ஈறில் முன்னதாகவே நின்றுவிடும். ரத்தக்கசிவு 20 இடங்களுக்கு இறங்கியிருந்தது, ஏறக்குறைய 12 சதவீதம். "பல்லு பழையபடி குட்டையா ஆகுமா?" என்று கேட்டார். ஆகாது, இறங்கிய ஈறு தானாக ஏறாது என்று சொல்லி, 41-இன் ஐந்து இரண்டாவது சார்ட்டிலும் ஐந்தாகவே இருப்பதைக் காட்டினேன். அடுத்த மூன்று மாதத்துக்கு நாள் குறித்துக்கொண்டு போனார்.